அடுத்தவருக்கு எடுத்துக் கொடுப்பது

மைசூரில் எங்கள் வீட்டு மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் சாமுண்டி மலை தெரியும். லீவுக்கு அக்கா மகள் வந்துவிட்டால், சாயங்காலம் டீயோடு அங்கே உட்கார்ந்து நாங்கள் இருவரும் கதை விளையாட்டு ஆடுவோம். நான் கொஞ்சம் சொல்ல வேண்டும், விட்ட இடத்திலிருந்து அவள் சொல்ல வேண்டும், திரும்ப நான். மூன்று நாள் ஆடியபின் ஒரு விஷயம் புலப்பட்டது. அவள் நிறுத்தும் இடத்தில் எனக்குச் சொல்ல ஏதாவது தோன்றிவிடுகிறது. நான் நிறுத்தும் இடத்தில் அவள் டீ டம்ளரையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். நான்காம் நாள் சொல்லியேவிட்டாள்: “போங்க மாமா, இனிமே நீங்களே சொல்லுங்க.”

எழுதுவது என் தொழில். பன்னிரண்டு வயதுப் பெண் இப்படிச் சொன்னது சுருக்கென்றது. அன்று நான் நிறுத்திய இடம் இது: “அப்போது இருட்டிலிருந்து ஒரு அலறல் கேட்டது!” அருமையான கொக்கி என்று நினைத்திருந்தேன். அது ஏன் அவளுக்கு உதவவில்லை என்பதைத்தான் இப்போது நாம் சேர்ந்து பார்க்கப்போகிறோம். இருவர் சேர்ந்து சொல்லும் கதையில் தன் முறையை எங்கே, எப்படி முடிப்பது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. பெரிய கணக்கில்லை, ஆனால் யாரும் சொல்லித் தருவதில்லை.

முதலில், நம் எல்லோரிடமும் இருக்கும் தவறான எண்ணம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். நாம் வாரப் பத்திரிகை படித்து வளர்ந்தவர்கள். தொடர்கதையின் கடைசி வரியில் கதவு தட்டப்படும், கதாநாயகி திறப்பாள், ‘ஆ, நீங்களா!’ என்பாள், கீழே ‘தொடரும்’ என்று போட்டிருக்கும். அடுத்த வியாழக்கிழமை வரை நமக்கு இருப்புக் கொள்ளாது. டிவி சீரியலிலும் இதேதான், ஒரு முகத்தைக் காட்டி, இடி இடித்து, உறைய வைத்துவிடுவார்கள். ஆகவே கொக்கி என்றால் ஆவலைத் தூண்டிவிட்டு நிறுத்துவது என்று மனதில் பதிந்துவிட்டது.

ஆனால் தொடர்கதையில் அடுத்த வாரம் எழுதப்போகிறவர் யார்? அதே எழுத்தாளர். கதவுக்கு வெளியே நிற்பது யாரென்று அவருக்குத் தெரியும், தெரியாவிட்டாலும் யோசிக்க ஒரு வாரம் இருக்கிறது. அவர் வைத்த கொக்கி வாசகருக்காக வைத்தது. வாசகர் செய்ய வேண்டியதெல்லாம் காத்திருப்பதுதான். கூட்டுக் கதையில் எதிரே உட்கார்ந்திருப்பவர் காத்திருக்க முடியாது. அடுத்த நொடி வாயைத் திறக்க வேண்டியவர் அவர்தான். அவருக்கு ஆவலால் பயனில்லை, பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும். என் அலறல் ஆவலைக் கொடுத்தது. அலறியது யார், ஏன், எங்கே என்ற மூன்று பாரத்தையும் சேர்த்து அவள் தலையில் வைத்தது. பிடிமானம் ஒன்றுகூடக் கொடுக்கவில்லை.

இன்னொரு பழக்கமும் நம்மைக் கெடுத்திருக்கிறது. பாட்டுக்குப் பாட்டு ஆடியிருப்பீர்கள். எதிரணிக்குச் சிக்கலான எழுத்து விழுகிறமாதிரி பாட்டை முடிப்பதுதான் அதில் சாமர்த்தியம். ‘ஞ’வில் முடித்துவிட்டு அவர்கள் விழிப்பதைப் பார்த்துச் சிரிப்போம். அங்கே அது நியாயம், அது போட்டி. கதையில் அடுத்தவர் விழித்தால் நம்முடைய கதையும் சேர்ந்து நின்றுவிடும். தமிழில் இதற்கு நேர் எதிரான ஒரு நல்ல வழக்கு இருக்கிறது, எடுத்துக் கொடுப்பது. தில்லையில் சேக்கிழாருக்கு இறைவனே முதல் அடியை எடுத்துக் கொடுத்தார் என்பார்கள். பஜனையில் பாடுகிறவர் தடுமாறினால் பக்கத்தில் இருப்பவர் எடுத்துக் கொடுப்பார். வாங்கிக்கொள்கிறவர் அதன்பின் தன் குரலில் பாடுவார். கூட்டுக் கதையின் கொக்கி என்பது இந்த எடுத்துக் கொடுத்தல்தான்.

இதைக் கலையாகவே வளர்த்து வைத்திருப்பவர்கள் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறார்கள். கர்நாடகக் கடற்கரைப் பக்கம், மங்களூர், உடுப்பி, வட கன்னடம், கேரளத்தின் காசர்கோடு வரை, ‘தாளமத்தளெ’ என்று ஒரு கலை உண்டு. யக்ஷகானத்தின் உட்கார்ந்த வடிவம் அது. கிரீடம், ஒப்பனை, ஆட்டம் எதுவும் கிடையாது. வேட்டி சட்டையில் நாலைந்து பேர் உட்கார்ந்திருப்பார்கள். பாடுகிறவர் பாகவதர். அவர் கையில் தாளம், பக்கத்தில் மத்தளக்காரர். பாகவதர் ‘பிரசங்கம்’ எனப்படும் கதைப்பாட்டிலிருந்து ஒரு பாட்டைப் பாடுவார். அந்தப் பாட்டு எந்தப் பாத்திரத்தின் வாய்மொழியோ, அந்தப் பாத்திரத்தை ஏற்றவர் அதன் ‘அர்த்த’த்தைப் பேச்சாகச் சொல்வார். அதனால் அவருக்கு ‘அர்த்ததாரி’ என்று பெயர். மேடையில் ஆட்டம் நின்றிருக்கும் மழைக்காலம்தான் இதற்கு நல்ல பருவம்.

நாம் கவனிக்க வேண்டியது இதுதான். பாட்டு நாலைந்து அடி. அதன்மேல் எழும் பேச்சு பத்து நிமிடமும் போகலாம், அரை மணியும் போகலாம். அந்தப் பேச்சுக்கு எழுதிவைத்த வசனம் கிடையாது, ஒத்திகையும் கிடையாது. ராமனாகப் பேசுகிறவரும் வாலியாகப் பேசுகிறவரும் வேறு வேறு ஊரிலிருந்து வந்து மேடையில்தான் சந்தித்திருப்பார்கள். சேணி கோபாலகிருஷ்ண பட் (1918-2006) போன்ற அர்த்ததாரிகளின் பெயர் இன்றும் சொல்லப்படுவது இப்படி நின்ற இடத்தில் கட்டிய பேச்சுக்காகத்தான். கதை எங்கே போய் முடியும் என்பது கூட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். அங்கே எந்த வழியாகப் போகும் என்பது பேசுகிற இருவருக்குமே தெரியாது.

கடற்கரைப் பக்கத்திலிருந்து வந்து மைசூரில் குடியேறியவர்கள் நிறைய. எங்கள் எதிர்வீட்டுப் பெரியவரும் அப்படி வந்தவர்தான், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். என் அலறல் கதையைக் கேட்டுச் சிரித்துவிட்டு, ஒரு மழை நாளில் சின்ன அரங்கு ஒன்றுக்குக் கூட்டிப்போனார். அன்று வாலி வதம். ஐம்பது அறுபது பேர் இருந்திருப்போம். என் கன்னடம் மார்க்கெட் கன்னடம், மேடைக் கன்னடம் முழுக்கப் பிடிபடவில்லை. அவர் காதோடு சொல்லிக்கொண்டே வந்தார். அதன் சாரத்தைத் தமிழில் தருகிறேன், நம் விஷயத்துக்கு அது போதும்.

கதை நமக்குத் தெரிந்ததுதான். மறைந்து நின்று ராமன் எய்த அம்பு மார்பில் பாய்ந்து வாலி விழுந்து கிடக்கிறான். அவன் ராமனைக் கேள்வி கேட்க வேண்டும், ராமன் பதில் சொல்ல வேண்டும். இப்போது வாலியாக உட்கார்ந்திருப்பவரின் இடத்தில் நாம் இருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். பதினைந்து நிமிடம் பேசியாகிவிட்டது. எந்த வாக்கியத்தில் முடிக்கலாம்?

ஒரு வழி, “நீ செய்தது அதர்மம். இதற்கு உன்னிடம் பதிலே இல்லை!” என்று முடிப்பது. கைதட்டல் நிச்சயம். ஆனால் ராமனுக்கு என்ன மிச்சம்? ‘இல்லை, தர்மம்தான்’ என்று மறுக்க ஒரே ஒரு கதவு. அவர் மறுப்பார், நாம் திரும்ப ‘அதர்மம்’ என்போம், குழாயடிச் சண்டையாகிவிடும். இதை மூடிய முடிவு என்று வைத்துக்கொள்வோம். பேசினவருக்கு வெற்றி, கதைக்கு முட்டுச்சந்து.

இன்னொரு வழி, “நீ என்னை மிருகம் என்று எய்தாயா, குற்றவாளி என்று எய்தாயா? மிருகம் என்றால் என்னிடம் தர்மம் பேசாதே. குற்றவாளி என்றால் அரசனாக என் முன்னால் வந்து நின்றிருக்க வேண்டும்” என்பது. இது கூர்மையானது. வால்மீகியில் ராமன் இரண்டு காரணத்தையுமே சொல்கிறான். தம்பி மனைவியைக் கவர்ந்த குற்றத்துக்குத் தண்டனை என்றும் சொல்கிறான், மிருகத்தை மறைந்து நின்று வேட்டையாடுவது வழக்கம்தான் என்றும் சொல்கிறான். இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டாது என்பதைப் பிடித்துக்கொண்ட கேள்வி இது. ஆனால் இது கண்ணி. இரண்டு கதவைக் காட்டி இரண்டையும் சாத்துகிறது. வாதத்தில் கண்ணிக்கு இடம் உண்டு, தாளமத்தளெயிலும் கண்ணி வைத்து எதிராளியைத் திணறடிப்பவர்கள் உண்டு. எதிரே தேர்ந்தவர் இருந்தால் ஒரு மூன்றாம் கதவை உடைத்துக்கொண்டு வெளியே வருவார், பார்க்கச் சுவையாக இருக்கும். புதியவர் இருந்தால் அங்கேயே உட்கார்ந்துவிடுவார்.

அன்று வாலியாக இருந்தவர் வேறு இடத்தில் நிறுத்தினார். குரலைத் தாழ்த்தி, “என் தம்பி உன்னிடம் வந்து அழுதான், நீ நம்பினாய். ஒரு தம்பி தன் அண்ணனைப் பற்றிச் சொன்னால் அதை நம்பிவிடலாம் என்று, ராமா, உனக்கு யார் சொல்லித் தந்தது?” என்று கேட்டுவிட்டுத் தாளத்தை ஒருமுறை பார்த்தார். அவ்வளவுதான். எதிர்வீட்டுக்காரர் என் முழங்கையைத் தட்டி, “பாத்துக்கோங்க சார், எடுத்துக் கொடுத்துட்டார்” என்றார்.

இந்தக் கேள்வியைக் கொஞ்சம் திருப்பித் திருப்பிப் பார்ப்போம். ராமனுக்கு இதில் எத்தனை வழி? பரதனைப் பற்றிப் பேசலாம். பக்கத்தில் நிற்கும் லட்சுமணனைப் பற்றிப் பேசலாம். அக்கினி சாட்சியாகச் சுக்ரீவனோடு செய்துகொண்ட நட்பைச் சொல்லி, நம்பிக்கை அங்கிருந்து வந்தது எனலாம். ‘ஆம், ஒரு பக்கத்தைத்தான் கேட்டேன், உன் பக்கத்தை இப்போது சொல்’ என்றும் சொல்லலாம். நான்கும் உண்மையான வழிகள், நான்கும் வெவ்வேறு ஊருக்குப் போகும். அதே சமயம் கேள்வி கண்ட இடத்துக்கு ஓடவில்லை. அண்ணன் தம்பி என்ற ஒரே கயிற்றைப் பிடித்திருக்கிறது. முக்கியமாக, அது ராமன் மட்டுமே பதில் சொல்லக்கூடிய கேள்வி. நாட்டை விட்டு வந்த, தம்பிகளோடு வாழ்ந்த ஒருவனிடம் கேட்கப்பட்டது.

ராமனாக இருந்தவர் சில நொடி பேசவில்லை. பிறகு பரதனில் தொடங்கினார். அண்ணனுடைய ராஜ்யம் கையில் வந்து விழுந்தும் வேண்டாமென்று காட்டுக்கு ஓடிவந்த தம்பி ஒருவன் தனக்கு உண்டு, தம்பியை நம்பக் கற்றது அவனிடம்தான் என்றார். அங்கிருந்து அவர் பேச்சு வாலியின் குகைக்குப் போனது. மாயாவி என்ற அசுரனைத் துரத்திக்கொண்டு வாலி குகைக்குள் போனதும், நெடுநாள் கழித்து ரத்தம் வெளியே வந்ததைப் பார்த்து, அண்ணன் செத்தான் என்று நினைத்துச் சுக்ரீவன் பாறையால் குகையை மூடிவிட்டுப் போனதும் நமக்குத் தெரிந்ததே. ராமன் தன் முறையை அங்கே முடித்தார்: “வாலி, நீ குகையிலிருந்து வெளியே வந்தாய். எதிரே தம்பி நின்றான். அவனிடம் நீ முதலில் கேட்ட கேள்வி என்ன?”

இதிலும் அதே கணக்குதான். வாலி என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். கேட்கவேயில்லை, அடித்துவிட்டேன் எனலாம். கேட்டேன், அவன் பதில் பொய் எனலாம். கேட்க வாயெடுத்தேன், அவன் தலையில் என் கிரீடத்தைப் பார்த்தேன் எனலாம். குற்றம் சாட்டிக்கொண்டிருந்த வாலிக்குத் தன் கதையைத் தானே திரும்பிப் பார்க்க ஒரு வாசல் கிடைத்தது. பிரசங்கத்தில் ஒரு வரியும் மாறவில்லை, வாலி சாகத்தான் போகிறான். ஆனால் அன்றைய வாலி வதம் ஒரு தர்க்க வழக்காக இல்லாமல் அண்ணன் தம்பி கதையாக ஆகிவிட்டது. இதை எந்த ஒருவரும் திட்டமிடவில்லை.

நம் கம்பனிலும் இந்த இடத்தில் ஒரு விசித்திரம் உண்டு. ஏன் மறைந்து நின்று எய்தாய் என்பது வாலி ராமனிடம் கேட்கும் கேள்வி. அதற்குப் பதில் சொல்வது ராமனல்ல, லட்சுமணன். உன் தம்பி முதலில் அடைக்கலம் புகுந்தான், நேரில் வந்திருந்தால் நீயும் அடைக்கலம் கேட்டிருப்பாய், அதனால்தான் என்கிறான். கேள்வி ஒருவரிடம் போனது, பதில் இன்னொருவரிடமிருந்து வந்தது. நல்ல கொக்கியில் எதிர்பாராத ஒருவர் கூடக் கைவைக்கலாம். கண்ணியில் அது நடக்காது, அது ஒருவர் காலுக்கு அளவெடுத்து வைத்தது.

இனி இதை நம் மொட்டைமாடிக்குக் கொண்டுவருவோம். புராணத்தில் பாத்திரங்கள் ஏற்கெனவே தெரிந்தவை, புதுக்கதையில் எல்லாமே நாம்தான் வைக்க வேண்டும். அப்போது கொக்கிக்கு என்னென்ன வேண்டும்? மறுநாள் நான் முயன்ற கதையை வைத்தே பார்ப்போம். சாமுண்டி மலைக்கு ஏறத்தாழ ஆயிரம் படிகள். வேண்டிக்கொண்டவர்கள் படிக்குப் படி மஞ்சளும் குங்குமமும் வைத்துக்கொண்டே ஏறுவதை இன்றும் பார்க்கலாம். ஏழுநூறாவது படியை ஒட்டி, ஒரே கல்லில் செதுக்கிய பெரிய நந்தி இருக்கிறது. 1659 முதல் 1673 வரை ஆண்ட தொட்ட தேவராஜ உடையார் காலத்தது. என் கதையில் ஒரு தாத்தா விடியுமுன் தனியாக ஒவ்வொரு படிக்கும் குங்குமம் வைத்துக்கொண்டு ஏறுகிறார். நந்தி வரை கொண்டுவந்துவிட்டேன். எங்கே நிறுத்துவது?

பழைய நானாக இருந்தால் அலறல் வைத்திருப்பேன். அல்லது, “அடுத்த படியில் ஏற்கெனவே ஈரக் குங்குமம் இருந்தது. அதை வைத்தது, முப்பது வருஷத்துக்கு முன் தொலைந்துபோன அவருடைய மகள் என்று அவருக்குத் தெரியாது” என்று முடித்திருப்பேன். இதில் இரண்டாவது வாக்கியத்தைப் பாருங்கள். அது கதையை நான் நினைத்த ஊருக்கே டிக்கெட் வாங்கிவிட்டது. அவள் வெறும் ஓட்டுநர். இன்னொரு எல்லைக்கும் போயிருக்கலாம்: “தாத்தா நந்தியிடம் வந்தார். அப்புறம் என்ன ஆச்சு?” இது திறந்திருக்கிறது, ஆனால் வெட்டவெளியாகத் திறந்திருக்கிறது. ஆயிரம் வழி இருக்கும் இடத்தில் ஒருவருக்கும் கால் எழாது. கைப்பிடி இல்லாத அண்டாவைத் தூக்கச் சொல்வது போல.

ஆகவே முதல் வாக்கியத்தோடு நின்றேன். “அடுத்த படியில் ஏற்கெனவே குங்குமம் இருந்தது. விரலால் தொட்டார். ஈரம்.” இதில் கண்ணால் பார்க்கக்கூடிய, கையால் தொடக்கூடிய ஒரு பொருள் இருக்கிறது. அந்தப் பொருளுக்கு ஒரு காரணம் இருந்தாக வேண்டும், அது இன்னும் முடிவாகவில்லை. அந்தக் காரணம் தாத்தாவைப் பாதிக்கும், ஏனென்றால் வேண்டுதல் அவருடையது. பிடிக்க ஒரு பொருள், முடிவாகாத ஒரு காரணம், யாருக்கோ அது முக்கியம் என்ற கட்டு. வாலியின் கேள்வியிலும் இதே மூன்றும் இருந்தன. அழுத தம்பி கண்ணெதிரே நிற்கிறான், ராமன் ஏன் நம்பினான் என்பது முடிவாகவில்லை, அது ராமனின் மனதைத் தொடும் கேள்வி.

சரியாக வந்திருக்கிறதா என்று சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. நிறுத்துமுன் மனதுக்குள், இதற்கு மூன்று வெவ்வேறு தொடர்ச்சி சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். ஈரக் குங்குமத்துக்கு எனக்கு வந்தவை: முன்னால் வேறொரு பக்தர் போகிறார், அதே தாத்தா மறதியில் இரண்டாம் முறை ஏறுகிறார், குங்குமமே இல்லை, ரத்தம். மூன்றும் வந்துவிட்டால் போதும். ஒன்றுதான் வருகிறதென்றால் கதவை மூடிவிட்டீர்கள். ஒன்றுமே வரவில்லை என்றால் திறந்தது கதவல்ல, கூரை. நிறுத்திய பின்பும் ஓர் அடையாளம் இருக்கிறது. எதிரே இருப்பவர் “நீ என்ன நினைச்சிருந்தே?” என்று கேட்டால், உங்கள் கொக்கி உங்கள் பக்கமே திரும்பியிருக்கிறது என்று பொருள். அவர் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தால் அது அவர் பக்கம் திரும்பியிருக்கிறது.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். என் மூன்று வழியில் எதிலும் அவள் போகவில்லை. “நந்திக்குப் பின்னாடி ஒரு பாட்டி உக்காந்திருந்தாங்க. அவங்க கீழேர்ந்து வரல. மேலேர்ந்து ஆரம்பிச்சு ஒவ்வொரு படியா வெச்சுக்கிட்டே இறங்கி வந்திருந்தாங்க” என்றாள். மலைப்படியில் இறங்குவோரும் உண்டு என்பதே எனக்குத் தோன்றவில்லை. பிறகு அவள் தன் முறையை முடித்தாள்: “பாட்டி தாத்தாவப் பாத்துக் கேட்டாங்க. மேலே முந்நூறு படி நான் வெச்சுட்டேன், கீழே எழுநூறு நீங்க வெச்சுட்டீங்க. இப்போ யாரோட வேண்டுதல் முடிஞ்சுது?”

விக்கிரமாதித்தனின் தோளில் தொங்கும் வேதாளம் செய்வதும் இதுதான். எல்லோர் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கும் இடமாகப் பார்த்து அது கதையை நிறுத்தும். இந்தக் கேள்வியில் தாத்தாவுக்கும் பாதி இருக்கிறது, பாட்டிக்கும் பாதி இருக்கிறது. நான் எந்தப் பக்கம் போனாலும் கதை நகரும். அவளுக்கு யாரும் இதைக் கற்றுத் தரவில்லை. குழந்தைகளுக்கு இது எளிதாக வருவதற்குக் காரணம், அவர்கள் முழுக் கதையையும் முன்கூட்டியே முடித்து வைத்திருப்பதில்லை.

அப்படியானால் ஒன்றுமே யோசிக்காமல் நிறுத்தலாமா? கூடாது. இதற்கு இங்கிலாந்தில் நடந்த ஒரு கூட்டு முயற்சி நல்ல உதாரணம். 1931இல் துப்பறியும் கதை எழுத்தாளர்கள் சங்கம் ஒன்று, ‘தி ஃப்ளோட்டிங் அட்மிரல்’ என்ற நாவலை ஆளுக்கொரு அத்தியாயமாக எழுதியது. அகதா கிறிஸ்டியும் அதில் ஒருவர். டோரதி சேயர்ஸ் முன்னுரையில் இரண்டு விதிகளைச் சொல்கிறார். ஒவ்வொருவரும் தன் மனதில் ஒரு தீர்வை வைத்துக்கொண்டுதான் எழுத வேண்டும், வெறுமனே சிக்கலாக்குவதற்காகப் புதுச் சிக்கலைச் சேர்க்கக் கூடாது. முன்னால் எழுதியவர்கள் விட்டுப்போன சிக்கல் எல்லாவற்றுக்கும் நேர்மையாகப் பதில் வைத்திருக்க வேண்டும். பல எழுத்தாளர்களுடைய தீர்வுகளை நூலின் கடைசியில் அச்சிட்டும் வைத்தார்கள்.

முதல் விதியை நாம் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஈரக் குங்குமத்துக்கு உங்கள் சட்டைப்பையில் ஒரு விடை இருக்க வேண்டும். விடை இருந்தால்தான் அந்தப் பொருள் பொருத்தமான இடத்தில், பொருத்தமான ஈரத்தோடு வரும். ஆனால் விடை பையிலேயே இருக்கட்டும். அடுத்தவர் வேறு வழியில் போன நிமிடமே அதைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். பாட்டி மேலிருந்து இறங்கிவந்த பிறகும் நான் என் ‘மறதித் தாத்தா’வைப் பிடித்துக்கொண்டு, ‘அது பாட்டி இல்லை, பிரமை’ என்று சொல்லியிருந்தால், அவள் கொடுத்ததை நான் வாங்க மறுத்ததாக ஆகும். அதற்குப் பிறகு அவள் எதையும் கொடுக்கமாட்டாள்.

இரண்டாம் விதி கடனைப் பற்றியது. கொக்கி ஒவ்வொன்றும் கதை எழுதிக்கொடுக்கும் ஒரு கடன் சீட்டு, யாராவது ஒருநாள் அடைத்தாக வேண்டும். ஒரு முறையில் ஒன்று போதும். ஈரக் குங்குமம், தூரத்தில் மணியோசை, தாத்தாவின் பையில் ஒரு கடிதம் என்று மூன்றைத் தொங்கவிட்டால், எதிரே இருப்பவர் ஒன்றை எடுத்துக்கொள்வார், மற்ற இரண்டும் கதை முழுக்கக் காலில் தட்டும். அந்த ஆங்கில நாவலில் பழைய கடன்களையெல்லாம் அடைக்கும் வேலை கடைசி அத்தியாயம் எழுதிய ஆண்டனி பெர்க்லிக்கு வந்து சேர்ந்தது. குப்பையைக் கூட்டிப் பெருக்குதல் என்ற பொருளில் அவர் அந்த அத்தியாயத்துக்குத் தலைப்பு வைத்தார்.

தாளமத்தளெயில் இந்தத் தொல்லை குறைவு. எத்தனை தூரம் பேச்சு சுற்றினாலும் பாகவதர் அடுத்த பாட்டை எடுத்தால் கதை தன் பாதைக்கு வந்துவிடும், முடிவைப் பிரசங்கம் பார்த்துக்கொள்ளும். மொட்டைமாடியில் பாகவதர் இல்லை. அதனால் ஆளுக்கு ஆறு முறை என்று முன்பே பேசிவைத்துக்கொள்கிறோம். கடைசி இரண்டு முறையில் புதுக் கொக்கி கூடாது, பழையதை அவிழ்க்க மட்டும்தான் அனுமதி. இந்த ஒப்பந்தம் இல்லாத நாட்களில் எங்கள் கதை ஒன்றுகூட முடிந்ததில்லை, சாப்பாட்டுக்குக் கூப்பிட்டுத்தான் நின்றிருக்கிறது.

அன்று அரங்கிலிருந்து மழையில் ஒரே குடையில் திரும்பும்போது எதிர்வீட்டுப் பெரியவரிடம், வாலியாக இருந்தவர் அந்தக் கேள்வியை எப்படிக் கண்டுபிடித்தார் என்று கேட்டேன். “கண்டுபிடிக்கல சார். கேள்விக்குப் பிறகு இன்னும் ரெண்டு வார்த்தை பேச வாய் வந்திருக்கும், பேசல” என்றார்.

பழைய கதைகளை மனதில் ஓட்டிப் பார்த்தேன். பெரும்பாலும் அவர் சொன்னதுதான் நடந்திருக்கிறது. நல்ல கொக்கி என் முறைக்குள் எங்கோ வந்துவிட்டிருக்கிறது, அதற்கு நானே ஒரு விளக்கம் சேர்த்து அதை மழுங்கடித்திருக்கிறேன். ஈரக் குங்குமத்துக்குப் பின்னால் வர இருந்த தொலைந்த மகள் அந்த ரகம்தான். அடுத்த முறை நீங்கள் யாரோடாவது சேர்ந்து கதை சொல்லும்போது, முடிக்க நினைத்த வாக்கியத்துக்கு ஒரு வாக்கியம் முன்னால் நிறுத்திவிட்டு, எதிரே இருப்பவர் முகத்தைப் பாருங்கள்.